புதிய பங்குதாரர் வரும்போது பழைய கணக்கைத் தீர்ப்பது எப்படி?

அண்ணனும் தம்பியும் 3:2 விகிதத்தில் லாபம் பிரித்து ஒரு ஜவுளிக்கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சம்மதித்து, ஐந்தில் ஒரு பங்குக்கு நண்பர் ஒருவரைச் சேர்க்கிறார்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் எல்லாப் பங்குதாரர்களும் சம்மதிக்க வேண்டும்.

முதல் வேலை, சொத்து மறுமதிப்பீடு. ஏட்டில் 10 லட்சமாக இருக்கும் கடைக் கட்டடம் இன்று 16 லட்சம் பெறும். விற்காமல் தேங்கிய சரக்கில் 1 லட்சம் நஷ்டம். நிகர லாபமான 5 லட்சத்தில் அண்ணன் கணக்கில் 3 லட்சமும் தம்பி கணக்கில் 2 லட்சமும் சேரும். இதைச் செய்யாமல் விட்டால், பின்னால் கட்டடத்தை விற்கும்போது, தான் வருவதற்கு முன்பே ஏறிய விலையிலும் நண்பருக்குப் பங்கு போய்விடும்.

அடுத்தது நற்பெயர். மூன்று ஆண்டு லாபம் 4, 5, 7 லட்சம். கடைசி ஆண்டில் பழைய வேனை விற்றதில் வந்த லாபம் 1 லட்சம். அது மறுபடி வராது, கழித்துவிட வேண்டும். அப்போது சராசரி 5 லட்சம். இரண்டு ஆண்டு லாபத்தை நற்பெயரின் மதிப்பாக ஒப்புக்கொண்டால் 10 லட்சம். எத்தனை ஆண்டு என்பது பேசி முடிவு செய்வது. பேரம் நடப்பதும் அங்கேதான்.

நண்பர் தன் பங்குக்கு 2 லட்சம் தருவார். பழையவர்கள் தங்களுக்குள் அதே விகிதத்தில் தொடர்ந்தால், அண்ணனுக்கு 1,20,000, தம்பிக்கு 80,000. நண்பர் போடும் மூலதனம் இதில் சேராது, அது தனி.