கையெழுத்துக்கும் காலாவதி உண்டு

உங்களுக்கு வந்த ஒப்பந்தம் டிஜிட்டல் கையெழுத்திட்ட பிடிஎஃப் கோப்பு என்றால், அதை அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்துப் பகுதியை விரித்துப் பாருங்கள். "Signing time is from the clock on the signer's computer" என்று ஒரு வரி இருக்கலாம். அதன் கீழேயே "Signature is not LTV enabled and will expire after" என்று தொடங்கி, ஒரு தேதியோடு முடியும் இன்னொரு வரியும் இருக்கலாம். பச்சை டிக் கண்ணில் பட்டதும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கையெழுத்து நிற்குமா என்பது இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது.

கோவையிலுள்ள ஒரு சிறு நிறுவனம், காற்றாலை ஒன்றைப் பத்தாண்டு பராமரித்துத் தர ஒப்பந்தம் போடுவதாக வைத்துக்கொள்வோம். நிர்வாகி 2025 மார்ச்சில் தன் யூஎஸ்பி டோக்கனைச் செருகிக் கையெழுத்திடுகிறார். அந்தச் சான்றிதழ் 2026 ஆகஸ்டில் காலாவதியாகும். இந்தியாவில் இவ்வகைச் சான்றிதழுக்கு ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். 2025 டிசம்பரில் டோக்கன் தொலைந்துபோகிறது. அவர் புகார் சொல்லிச் சான்றிதழை ரத்து செய்துவிடுகிறார். 2033இல் தகராறு வருகிறது. "அந்தக் கையெழுத்து நான் போட்டதில்லை, டோக்கனை எடுத்தவன் போட்டது" என்கிறார் நிர்வாகி.

கோப்பில் தேதி 2025 மார்ச் என்றுதானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அது கையெழுத்திட்ட கணினியின் கடிகாரம் சொன்ன நேரம். டோக்கனும் அதன் பின் எண்ணும் கைவசம் உள்ள எவரும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்துக் கையெழுத்திடலாம். சான்றிதழ் செல்லுபடியான நாளில் போட்ட கையெழுத்து, சான்றிதழ் காலாவதியான பிறகும் நல்ல கையெழுத்துதான். அது எந்த நாளில் போடப்பட்டது என்று கையெழுத்திட்டவரைச் சாராத ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவே.

அதைச் சொல்வதுதான் நேர முத்திரைச் சேவை. இந்தியாவில் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் இதையும் வழங்குகின்றன. வேலை நடக்கும் விதம் எளிது. பிடிஎஃப் கோப்புக்குள் கையெழுத்துக்கென ஓர் இடைவெளி ஒதுக்கப்படுகிறது. அந்த இடைவெளி தவிர மற்ற எல்லா பைட்டுகளுக்கும் 'ஹாஷ்' என்ற சிறு எண் கணக்கிடப்பட்டு, அதன்மேல் டோக்கன் கையெழுத்திடுகிறது. பிறகு அந்தக் கையெழுத்துக்கே ஒரு ஹாஷ் கணக்கிடப்பட்டு முத்திரைச் சேவைக்குப் போகிறது. பொதுவாகப் பயன்படும் SHA-256 முறையில் இது வெறும் 32 பைட்டுதான். ஒப்பந்தம் வெளியே போவதில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சேவைக்குத் தெரியவும் தெரியாது. அது தன் நேரத்தைச் சேர்த்து, தன் சாவியால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதில் கையெழுத்தோடு சேர்ந்து அதே இடைவெளியில் அமர்கிறது.

முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: இந்தக் கையெழுத்து இந்த நேரத்துக்கு முன்பே இருந்தது. யார் போட்டார், எழுதியது உண்மையா என்பதற்கெல்லாம் அது பொறுப்பில்லை. நம் வழக்குக்கு அந்த ஒன்று போதும். 2025 மார்ச் முத்திரை இருந்தால், டிசம்பரில் டோக்கனை எடுத்தவன் அதைப் போட்டிருக்கவே முடியாது. ஆதார் வழி இ-சைன் முறையில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே ஒருமுறை மட்டும் பயன்படும் சான்றிதழின் ஆயுளே சுமார் அரை மணி நேரம்தான்.

இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. கையெழுத்திட்ட நாளில் சான்றிதழ் ரத்தாகாமல் இருந்தது என்றும் காட்ட வேண்டும். அதற்கான ரத்துப் பட்டியலைச் சான்றளித்த நிறுவனம் அவ்வப்போது வெளியிடும். காலாவதியான சான்றிதழ்களைப் பிற்காலப் பட்டியல்களிலிருந்து நீக்கிவிட அதற்கு அனுமதி உண்டு. நிறுவனமே மறைந்துபோவதும் உண்டு. நெதர்லாந்து அரசே நம்பியிருந்த டிஜினோட்டார், 2011இல் கணினித் திருட்டுக்கு ஆளாகி, அதே ஆண்டில் திவாலானது. ஆகவே 2033இல் போய்த் தேடலாம் என்று இருக்கக் கூடாது. ரத்துப் பட்டியல், இடைநிலைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கையோடு கோப்புக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். இவை கோப்பின் கடைசியில் ஒட்டப்படுவதால் பழைய பைட்டு எதுவும் மாறாது, கையெழுத்தும் கெடாது. அக்ரோபேட்டில் கையெழுத்தின்மேல் வலச்சொடுக்கினால் வரும் "Add Verification Information" இதைத்தான் செய்கிறது.

இங்கே அவசரம் வேண்டாம். கையெழுத்திட்ட மறுநொடியே எடுத்த பட்டியல், அதற்கு முன்பே வெளியானதாக இருக்கக்கூடும். காலையில் டோக்கன் தொலைந்து, மதியம் திருடன் கையெழுத்திட்டு, மாலையில் ரத்து பதிவானால், மதியம் கிடைக்கும் பட்டியல் எல்லாம் சரி என்றே சொல்லும். முத்திரை நேரத்துக்குப் பிறகு வெளியான அடுத்த பட்டியல் வரும்வரை பொறுத்திருந்து சேர்ப்பதே நல்லது. பெரிய தொகைக்கான ஒப்பந்தம் என்றால் நான் ஒரு நாள் காத்திருக்கத்தான் சொல்வேன்.

முத்திரையும் ஒரு கையெழுத்துதான். அதைப் போட்ட சேவையின் சான்றிதழும் ஒரு நாள் காலாவதியாகும். அடியிலுள்ள கணித முறையே பலவீனமாகவும் கூடும். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறாக இருந்தும் ஒரே SHA-1 ஹாஷ் வருகிற இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. அதுவரை SHA-1 முறையை விடாமல் இருந்தவர்களுக்கு அது கடைசி எச்சரிக்கை. இதற்கு வழி, பழைய முத்திரை வலுவாக இருக்கும்போதே முழுக் கோப்பின்மேலும் புது முத்திரை ஒன்றைப் போட்டுவிடுவது. நம் கதையில் முதல் சேவையின் சான்றிதழ் 2030இல் முடிகிறது என்றால், 2029இல் அந்த முத்திரைக்கான ரத்து விவரங்களையும் கோப்பில் சேர்த்து, மேலே புதியதைப் போட வேண்டும். 2033இல் சரிபார்ப்பவர் வெளியிலிருந்து உள்ளே வருவார்: புது முத்திரை 2029இல் பழையதும் அதன் ஆதாரங்களும் இருந்ததைக் காட்டும், பழைய முத்திரை 2025இல் கையெழுத்து இருந்ததைக் காட்டும், உள்ளே உள்ள பட்டியல் அப்போது சான்றிதழ் ரத்தாகவில்லை என்று காட்டும். நிர்வாகியின் வாதம் அங்கே விழும். மென்பொருளில் PAdES-B-LTA என்று ஒரு தெரிவு இருந்தால் அது இந்த ஏற்பாட்டுக்கான பெயர். புதுப்பிக்கும் வேலையை அது தானாகச் செய்யாது. யாராவது நாள் குறித்து வைத்துச் செய்ய வேண்டும். பல அலுவலகங்களில் நழுவுகிற இடம் இதுதான்.

இவ்வளவும் செய்த கோப்பை ஒரு நொடியில் பாழாக்கவும் முடியும். இணையதளத்தில் ஏற்றி அளவைக் குறைப்பது, வேறு கோப்போடு இணைப்பது, "Print to PDF" கொடுத்துப் புதிதாகச் சேமிப்பது: மூன்றிலும் கையெழுத்து போய்விடும். எஞ்சுவது அதன் படம் மட்டுமே. கோப்பின் பிரதியை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம், பைட்டு மாறாத பிரதியாக இருந்தால் போதும்.

இப்போதே உங்கள் முக்கியமான கோப்புகளைத் திறந்து பாருங்கள். நேர முத்திரை இல்லை, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறது என்றால், இன்றே முழுக் கோப்பின்மேலும் ஒரு நேர முத்திரையைப் போட்டு, ரத்து விவரங்களையும் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்றால் கையெழுத்திட்டவரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்குங்கள், அவர் மறுக்கக் காரணம் தேடும் நாள் வருவதற்கு முன்பே.