குருத்தோலை காய்வதற்குள்

ஆர்ப்பரிப்பு நிறைந்த அந்த ஞாயிறு எப்படி முடிந்தது என்பதை மாற்கு நற்செய்தி மிகச் சுருக்கமாகச் சொல்கிறது. இயேசு எருசலேம் கோயிலுக்குள் போகிறார். அங்கிருந்த எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, பன்னிரண்டு சீடர்களோடு பெத்தானியா ஊருக்குத் திரும்பிவிடுகிறார். சற்று முன்புவரை வழியெல்லாம் மேலாடைகளை விரித்து, மரக்கிளைகளைப் பரப்பி, தொண்டை வற்ற வாழ்த்திய கூட்டத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இரவு தங்க வாருங்கள் என்று ஊருக்குள் ஒருவர் கூப்பிட்டதாகவும் இல்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின ஞாயிறை உலகெங்கும் கிறிஸ்தவர்கள் குருத்தோலை ஞாயிறாகக் கொண்டாடுகிறார்கள். நம் ஊர்களில் தென்னங்குருத்தைக் கையில் பிடித்துத் தெருவெல்லாம் பவனி வருவார்கள். சிறுவர்கள் அதைச் சிலுவையாக மடித்துக்கொள்வார்கள். அன்று மேடையில் கேட்கும் பிரசங்கமும் பலருக்கு மனப்பாடம்: ஞாயிறன்று ‘ஓசன்னா’ என்று பாடிய அதே வாய்தான் வெள்ளியன்று ‘சிலுவையில் அறையும்’ என்று கூச்சலிட்டது, மனிதரின் உற்சாகம் ஐந்து நாள்கூடத் தாங்காது.

இந்தப் பிரசங்கத்தின் எச்சரிக்கை சரியானது. ஆனால் அது கைகாட்டும் ஆட்கள் சரிதானா என்று நற்செய்திகளை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், அந்தக் கூட்டம் எதைக் கேட்டது? ‘ஓசன்னா’ என்பதை இன்று புகழ்ச்சிச் சொல்லாகப் பாடுகிறோம். எபிரேயத்தில் அதன் வேர் ஒரு மன்றாட்டு: காப்பாற்றும், தயவுசெய்து காப்பாற்றும் என்பது. பாஸ்கா காலத்தில் யூதர்கள் பாடும் 118ஆம் சங்கீதத்தில் வருவது. பேரீச்ச ஓலைக்கும் ஒரு வரலாறு உண்டு. கி.மு. 141இல் மக்கபேயர் குலத்துச் சீமோன், எருசலேம் கோட்டையைப் பிடித்திருந்த அந்நியப் படையை விரட்டிவிட்டு உள்ளே நுழைந்தபோது மக்கள் ஓலைகளோடும் இசைக்கருவிகளோடும் கொண்டாடினார்கள். ரோமரின் ஆட்சியில் நசுங்கிக் கிடந்தவர்கள் மறுபடி ஓலையை எடுத்தார்கள் என்றால் அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று விளங்கும். அவர்கள் வரவேற்றது ஒரு படைத்தலைவனை. வந்தவரோ போர்க்குதிரையில் வரவில்லை, கழுதைக்குட்டியில் வந்தார். இரண்டுக்கும் இருந்த இடைவெளி அன்று யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்து, அதே ஆட்கள்தான் வெள்ளிக்கிழமை கத்தினார்களா? அப்படி எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. பவனியில் வந்தவர்களில் பெரும்பாலோர் அவரோடு பயணம் செய்துவந்த திருவிழா யாத்திரிகர்கள். நகரத்தார் ‘இவர் யார்?’ என்று விசாரிக்க, கூட்டம்தான் அவரைக் கலிலேயா நாட்டு நாசரேத்தூர் தீர்க்கதரிசி என்று அறிமுகம் செய்கிறது என்கிறார் மத்தேயு. அந்த வாரத்தின் நடுவிலும் மக்கள் அவர் பக்கமே இருந்தார்கள். திருவிழாவில் கைவைத்தால் கலகம் வரும் என்று தலைமைக் குருக்கள் அஞ்சினார்கள். அதனால்தான் இரவில் கைது. மறுநாள் அதிகாலையிலேயே பிலாத்துவிடம் கொண்டுபோனார்கள். அங்கே திரண்டவர்கள் வழக்கப்படி ஒரு கைதியின் விடுதலையைக் கேட்க வந்தவர்கள். தலைமைக் குருக்களின் தூண்டுதலில் அவர்கள் பரபாவைக் கேட்டார்கள். இரண்டு கூட்டத்திலும் இருந்த சிலர் இருக்கலாம். ஆனால் ‘அதே கூட்டம்’ என்று முத்திரை குத்த ஆதாரம் இல்லை. இது வெறும் நுணுக்கம் அல்ல. இயேசுவின் சாவுக்கான பழியை ஒரு முழு இனத்தின்மேல் போட்டதால் ஐரோப்பாவில் யூதர்கள் நூற்றாண்டுகளாகத் துன்பப்பட்டார்கள். அந்தப் பழியை அன்றைய யூதர் எல்லார்மேலும் இன்றைய யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

அப்படியானால் அந்த வாரத்தில் முகம் திருப்பியவர்கள் யார்? இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான்கு நற்செய்திகளும் பெயர் சொல்லிக் காட்டுவது அவருடைய மிக நெருங்கிய நண்பரை.

எருசலேமுக்கு வரும் வழியிலேயே யாக்கோபும் யோவானும் அவருடைய வலப்பக்கமும் இடப்பக்கமும் தங்களுக்கு ஆசனம் கேட்டார்கள். வியாழன் இரவு பேதுரு, மற்ற எல்லாரும் விட்டுப் போனாலும் தான் போகமாட்டேன் என்று அடித்துச் சொன்னார். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். சில மணி நேரத்தில் கெத்சமனித் தோட்டத்தில் எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஓர் இளைஞன் தன்மேல் போர்த்தியிருந்த துணியைப் பிடித்தவர்கள் கையில் விட்டுவிட்டு ஆடையின்றி ஓடினான். ஞாயிறன்று மதிப்போடு தரையில் விரித்த துணி, வியாழனன்று தப்பிக்க உதறிய துணியாயிற்று. சேவல் கூவுமுன் பேதுரு, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்குப் பயந்து, அவரைத் தெரியவே தெரியாது என்றார். மூன்று முறை.

பேதுரு பொய் நடிப்பு நடித்தவர் அல்ல. வாக்குக் கொடுத்தபோது மனதார நம்பித்தான் கொடுத்தார். மேலோட்டமான உற்சாகத்தின் ஆபத்தே அதுதான்: உள்ளே இருப்பவருக்கு அது ஆழமாகவே தெரியும்.

இதை இயேசு முன்பே ஓர் உழவர் கதையில் விளக்கியிருந்தார். விதைப்பவன் தூவிய விதைகளில் சில பாறை நிலத்தில் விழுகின்றன. அந்த நாட்டு மலைச்சரிவுகளில் பல இடங்களில் மெல்லிய மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறை கிடக்கும். மேலே பார்த்தால் தெரியாது. மண் குறைவாக இருப்பதால் விதை சீக்கிரம் முளைத்துவிடும். வேர் இறங்க வழியில்லாததால் வெயில் ஏறியதும் கருகிவிடும். கவனித்துப் பாருங்கள்: மற்றப் பயிரைவிட முந்திக்கொண்டு முளைத்ததுதான் ஆழமின்மையின் முதல் அடையாளம். வெயில் பயிருக்குப் பகை அல்ல. வேருள்ள பயிரை வளர்ப்பதும் அதே வெயில்தான்.

வேர் எது என்பதற்கும் அந்தக் கதையிலேயே விடை உண்டு. சிலுவைக்கு எதிரே தொலைவில் நின்ற பெண்களை மாற்கு பெயர் சொல்லிக் குறிக்கிறார்: மகதலா மரியா, யாக்கோபு யோசே என்பவர்களின் தாய் மரியா, சலோமே. அவர்களைப் பற்றி அவர் தரும் தகவல் ஒன்றே ஒன்று. கலிலேயாவில் இருந்தபோதே அவரைப் பின்பற்றி அவருக்குப் பணிவிடை செய்து வந்தவர்கள் என்பது. அவர்கள் ஆசனம் கேட்டதாகவோ வீரவாக்குச் சொன்னதாகவோ மாற்கு எழுதவில்லை. யாரும் பார்க்காத நாள்களில் செய்த வேலை அவர்களை வெள்ளிக்கிழமையும் நிற்கவைத்தது. பேதுருவும் பின்னால் வேரூன்றினார். ஆனால் மனம் கசந்து அழுத பிறகு. தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்கப்பட்ட பிறகு.

கத்தோலிக்கத் திருப்பலியில் ஓலைப் பவனி முடிந்த கையோடு பாடுகளின் வரலாற்றை வாசிக்கிறார்கள். ‘சிலுவையில் அறையும்’ என்ற வரியைப் பல ஆலயங்களில் மக்களே சொல்கிறார்கள், கையில் ஓலையோடு. அந்தக் கூட்டம் அதே கூட்டமா என்ற கேள்விக்கு அந்த வழிபாடு தரும் பதில் இது: அங்கே எப்படியோ, இங்கே நிற்பவர்கள் நாம்தான்.

அன்று வீட்டுக்குக் கொண்டுபோகும் குருத்தோலையைப் பலர் சிலுவைக்கோ படத்துக்கோ பின்னால் செருகி வைப்பார்கள். அது மஞ்சளாகி, பழுப்பாகி, காய்ந்துபோகும். அடுத்த ஆண்டு தவக்காலம் தொடங்கும்போது அந்த ஓலைகளைத் திரும்ப வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள். இந்த ஆண்டு ஓலையை ஏந்துகிறவர்கள் அது பச்சையாக இருக்கும்போதே, ஒருவரும் அறியாமல் தொடர்ந்து செய்யக்கூடிய ஒரு பணிவிடையைத் தேர்ந்து கையில் எடுங்கள். ஓலை காய்வதற்குள் வேர் இறங்கட்டும்.