தளத்துக்கு இரும்பு ஷீட்டா, பிளைவுட்டா, பலகையா? சென்ட்ரிங் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத செலவு

வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட் என்ன பிராண்டு, கம்பி என்ன பிராண்டு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ஆனால் அந்த கான்கிரீட்டைத் தாங்கி, அதற்கு வடிவம் கொடுக்கும் சென்ட்ரிங் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். "ஷீட் போட்டா இவ்வளவு சார், பிளை போட்டா கொஞ்சம் கூட ஆகும். ஆனா சீலிங் பூச்சே வேணாம்." அந்தக் 'கொஞ்சம் கூட' என்பது எவ்வளவு? பூச்சு நிஜமாகவே வேண்டாமா? 1,000 சதுர அடி மாடித் தளம் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

விலையைப் பார்க்காதீங்க, தடவையைப் பாருங்க

சென்ட்ரிங் பொருள் ஒரு தடவை வாங்கிப் பல தடவை பயன்படுத்துவது. அதனால் வாங்கிய விலையை, அது எத்தனை தளம் பார்க்கும் என்பதால் வகுத்தால்தான் உண்மையான செலவு கிடைக்கும்.

கணக்கு புரிவதற்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். சதுர அடிக்குப் பலகை 70 ரூபாய், இரண்டு பக்கமும் வழவழப்பான ஃபிலிம் ஒட்டிய 12 மி.மீ. பிளைவுட் 75 ரூபாய், ஓரத்தில் ஆங்கிள் வைத்து வெல்டு செய்த இரும்பு ஷீட் 180 ரூபாய். (உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம்.) ஆணி அடித்துப் பிரிக்கும் சாதாரண மரப்பலகை ஐந்து தடவை வந்தாலே நல்ல விஷயம். ஃபிலிம் பிளை, ஒழுங்காக வைத்துக்கொண்டால் 15 தடவை வரும். இரும்பு ஷீட் 60 தடவை என்று வைப்போம், அதற்கு மேலும் உழைக்கும்.

ஆக, ஒரு தடவைக்குச் சதுர அடிச் செலவு பலகைக்கு 14 ரூபாய், பிளைக்கு 5 ரூபாய், இரும்புக்கு 3 ரூபாய். வாங்கும்போது மலிவாகத் தெரிந்த பலகைதான் கடைசியில் காஸ்ட்லி. வாடகைக் கடைகளில் இரும்பு ஷீட்டே மலை மாதிரி அடுக்கியிருப்பதற்கு இதுதான் காரணம். அடிபட்டு வளைந்தாலும் தட்டி நிமிர்த்தலாம், முடியாவிட்டால் பழைய இரும்புக்குப் போடலாம். பிளைக்கும் பலகைக்கும் அந்த வசதி கிடையாது.

பிளையின் கணக்கில் ஒரு 'ஆனால்' உண்டு. அந்த 15 தடவை என்பது ஓரத்தைப் பொறுத்தது. மேலும் கீழும் ஃபிலிம் இருந்தாலும், ரம்பம் போட்டு அறுத்த விளிம்பில் மரம் திறந்து கிடக்கும். அங்கே தண்ணீர் இறங்கினால் அடுக்குகள் ஊதும், விளிம்பு தடிக்கும், பிறகு உரியும். அறுத்த இடத்தில் உடனே பெயின்ட் அடித்து அடைக்காவிட்டால் ஆறாவது தடவையிலேயே அது கழிவு. அப்போது செலவு 5 ரூபாய் இல்லை, 12.50 ரூபாய். கிட்டத்தட்ட பலகைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

சிமென்ட் பால் ஒழுகும் பாதை

இனி சீலிங் எப்படி வரும் என்ற கேள்வி. இதற்குப் பதில் பொருளின் வழவழப்பில் மட்டும் இல்லை, இணைப்புகளிலும் இருக்கிறது.

நம்ம ஊரில் புழங்கும் இரும்பு ஷீட் பெரும்பாலும் 3 அடிக்கு 2 அடி. 1,000 சதுர அடிக்கு அப்படி 167 ஷீட் வேண்டும். இரண்டு ஷீட் சந்திக்கும் கோடுகளை எல்லாம் நீட்டி அளந்தால் சுமார் 830 அடி வரும். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் என்றால் 32 ஷீட் போதும், இணைப்பு சுமார் 375 அடிதான். அரை அடி அகலப் பலகையை அடுக்கினால் நீளவாட்டு இணைப்பு மட்டுமே 2,000 அடி!

ஒவ்வொரு இணைப்பும் கான்கிரீட்டில் உள்ள சிமென்ட் பால் ஒழுகக்கூடிய வழி. பால் போய்விட்டால் அந்த இடத்தில் மணலும் ஜல்லியும் மட்டும் நிற்கும். லேசாகப் போனால் சீலிங்கில் மணல் கோடு. அதிகமாகப் போனால் ஜல்லி பல்லிளிக்கும் தேன்கூடு. அதன் வழியாக ஈரம் நுழைந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். அதனால் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

அதோடு, பல தளம் பார்த்த இரும்பு ஷீட்டுகள் ஒன்றுபோல இருக்காது. பிரிக்கும்போது கடப்பாரையால் நெம்பி, மேலிருந்து தரையில் போட்டுப் போட்டு மூலைகள் மடங்கியிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஷீட்டுகள் ஒரே மட்டத்தில் உட்காராமல் சீலிங்கில் சின்னச் சின்னப் படிகள் விழும். சீலிங் பூச்சு 6 மி.மீ. அளவில் மெல்லிசாக இருக்க வேண்டியது. மேடு பள்ளம் அதற்கு மேல் போனால் கொத்தனார் கலவையைத் தடிமனாக அப்பித்தான் சமன் செய்வார். தலைக்கு மேலே தடித்த பூச்சு பின்னால் பெயர்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மரம் குடிக்கும், இரும்பு கொதிக்கும்

மரப்பலகை தண்ணீரை உறிஞ்சும். காய்ந்த பலகையில் கான்கிரீட்டைக் கொட்டினால் அதன் ஈரத்தைப் பலகை குடித்துவிடும். முன்கூட்டியே நன்றாக நனைத்தால் பலகை ஊதி இடைவெளியும் அடைபடும். புதுப் பலகையில் இன்னொரு தொல்லை: மரத்தில் உள்ள சர்க்கரைச் சத்து சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். பிரித்த பிறகு கான்கிரீட்டைக் கையால் தேய்த்தால் மாவு மாதிரி வரும். அதைத் தவிர்க்கப் புதுப் பலகைக்கு முதலில் சிமென்ட் பாலோ சுண்ணாம்போ பூசி, காயவிட்டுச் சுரண்டிவிடுவது உண்டு.

ஆனால் அந்த மரத் தடமே வேண்டும் என்று கேட்கும் கட்டிடங்களும் உண்டு. லண்டனின் நேஷனல் தியேட்டர் சுவர்களில் பலகையின் ரேகை அப்படியே கான்கிரீட்டில் பதிந்திருக்கும், பூச்சே கிடையாது. ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் தடாவ் ஆண்டோவின் கண்ணாடி போன்ற கான்கிரீட் சுவர்களோ, மேற்பூச்சு கொண்ட பிளைவுட்டில் வார்த்தவை.

இரும்பு எதையும் உறிஞ்சாது. அது பலமும்தான், பலவீனமும்தான். தூண், சுவர் மாதிரி நிமிர்ந்த வேலையில் காற்றுக் குமிழி வெளியேற வழியில்லாமல் இரும்பின் மேல் ஒட்டி நின்று, பிரித்ததும் முகப்பரு குழி போல் தெரியும். மழையில் கிடந்த ஷீட்டின் துரு, கான்கிரீட்டில் காவிக் கறையாக ஏறும். சித்திரை வெயிலில் மதியம் ஷீட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கொட்டினால் அடிப்பக்கம் சீக்கிரம் உலர்ந்துவிடும். விடிகாலையில் வேலையைத் தொடங்குவதும், அதற்கு முன் தண்ணீர் தெளிப்பதும் அதனால்தான்.

ஒட்டாமல் இருக்க எதைத் தடவுகிறார்கள் என்பதும் முக்கியம். வண்டியில் வடித்த பழைய ஆயில் பல சைட்டுகளில் இன்னும் ஓடுகிறது. அது சீலிங்கைக் கறுப்பாக்கும், பூச்சையும் பெயின்ட்டையும் பிடிக்கவிடாது. கம்பி கட்டிய பிறகு தடவினால் கம்பியிலும் பட்டு, கான்கிரீட்டோடு அதன் பிடிப்பைக் குறைக்கும். இதற்கென்றே விற்கும் ஷட்டரிங் ஆயிலை, கம்பி ஏறுவதற்கு முன், மெல்லிசாக அடிப்பதே சரி.

அப்போ பூச்சு வேண்டாமா?

நம் 1,000 சதுர அடிக்குத் திரும்புவோம். இரும்புக்கும் பிளைக்கும் ஒரு தடவைச் செலவில் வித்தியாசம் சதுர அடிக்கு 2 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். சீலிங் பூச்சு சதுர அடிக்கு 30 ரூபாய் என்று வைத்தால் 30,000 ரூபாய். பூச்சை விட்டுவிட்டு, பிளையின் வழவழப்பு மேல் நேராகப் பட்டி மட்டும் போட முடிந்தால், சென்ட்ரிங்குக்குக் கூடுதலாகக் கொடுப்பதை விடப் பல மடங்கு மிச்சம். ஒப்பந்ததாரர் பிளைக்குச் சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கணக்கு இடிக்காது.

'முடிந்தால்' என்பதுதான் இங்கே சிக்கல். 5 அங்குலத் தளத்தின் ஈரக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. நம் தளத்துக்கு 30 டன். இரும்பு ஷீட்டுக்கு அதன் ஆங்கிளே எலும்பு. பிளைக்கு அப்படி எதுவும் இல்லை, அடியில் ஓடும் கட்டைகள்தான் தாங்க வேண்டும். 12 மி.மீ. பிளைக்கு ஏறத்தாழ அடிக்கு ஒரு கட்டை இல்லையென்றால் இடையில் தொய்யும். இறுகிய பிறகு சீலிங்கில் அலை தெரியும், பட்டி அதை மறைக்காது. பத்துத் தடவை அடித்து, ஃபிலிம் உரிந்த பிளையைப் போட்டாலும் இதே கதி.

அப்படிக் கெட்டுப்போனால் பூசித்தான் ஆக வேண்டும். ஆனால் வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு பிடிக்காது, முழுக்கக் கொத்திவிட வேண்டும். பிளைக்கும் காசு, கொத்துவதற்கும் காசு, பூச்சுக்கும் காசு. இருப்பதிலேயே மோசமான முடிவு இதுதான். இரும்பு ஷீட் இணைப்பை மறைக்க மேலே பாலிதீன் விரிக்கும் வழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. பாலிதீன் சுருங்கிய இடமெல்லாம் கான்கிரீட்டில் மடிப்பு விழும், மற்ற இடம் வழுக்கும்.

தூணுக்கு ஒரு கணக்கு, தளத்துக்கு ஒரு கணக்கு

60 தடவை என்பது எத்தனை மாதத்தில் என்றும் கேட்க வேண்டும். ஐ.எஸ். 456 விதிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் தூண் மாதிரி நிமிர்ந்த சென்ட்ரிங்கை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம். தளத்தில் 4.5 மீட்டர் வரை இடைவெளி என்றால் முட்டுகள் 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். பிபிசி மாதிரி மெதுவாக வலுப்பெறும் சிமென்ட்டுக்கு எஞ்சினியர் இதைக் கூட்டிச் சொல்வார்.

ஆக, தூணுக்கான இரும்புப் பெட்டி இன்று இந்தத் தூண், நாளை அடுத்த தூண் என்று தினமும் சுழலும். தூணுக்கு இரும்பு என்பதில் பெரிய விவாதமே இல்லை. தளத்து ஷீட்டோ வாரக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். வாடகை ஓடுகிறது என்று முட்டைச் சீக்கிரம் உருவும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. தளம் ஊற்றும் முன்பே, எத்தனையாவது நாள் பிரிப்பது, அதுவரை வாடகை யார் தலையில் என்பதை எழுதி வாங்கிக்கொண்டால் அந்தச் சண்டை வராது.

பலகைக்கும் இடம் இருக்கிறது. படிக்கட்டு, தளத்தின் பக்கவாட்டு, ஷீட் அளவுக்குள் அடங்காத மூலைகள் எல்லாவற்றுக்கும் அறுத்து ஆணி அடிக்க மரம்தான் வேண்டும்.

எதைப் போட்டாலும், ஊற்றுவதற்கு முந்தின நாள் பகலில் சென்ட்ரிங்குக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பாருங்கள். இணைப்பில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே நாளை சிமென்ட் பால் ஒழுகும். டேப் ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் கட்டினால் தொய்வும் படியும் தெரிந்துவிடும். ஷீட்டின் மேல் பழைய சிமென்ட் கட்டி ஒட்டியிருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். கம்பி கட்டிய பிறகு அதற்கு வழியில்லை, ஆகவே அதை மட்டும் இன்னும் ஒரு நாள் முன்பே பார்த்துவிட வேண்டும்.