கர்ப்பகால நீரிழிவு: உணவும் சர்க்கரை அளவிடலும்

கர்ப்பகால நீரிழிவு என்பது பெரும்பாலும் கர்ப்பத்தின்போது முதன்முறையாகக் கண்டறியப்படும், இரத்தத்தில் சர்க்கரை மிகும் நிலை ஆகும். நஞ்சுக்கொடியில் சுரக்கும் இயக்குநீர்கள் தாயின் இன்சுலின் செயல்பாட்டைத் தடுக்கின்றன. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலின் கடப்பதில்லை. எனவே குழந்தையின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கலாம், பிறந்தபின் அதன் சர்க்கரை திடீரெனத் தாழலாம்.

கண்டறிதல்

சென்னை மருத்துவர் வீ. சேசையா முன்னெடுத்த ஒற்றைப் பரிசோதனை முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் பின்பற்றப்படுகிறது. இந்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் (2014, 2018) இதனையே ஏற்றுள்ளன. 75 கிராம் குளுக்கோசைச் சுமார் 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடங்களுக்குள் அருந்த வேண்டும். 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்பதே இதன் பெரும் வசதி. ஒரு நாள் கூலியை இழக்க இயலாதவர் இன்னொரு நாள் வர நேராது. அருந்திய 30 நிமிடங்களுக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். முதல் வருகையில் இயல்பாக இருந்தாலும் 24–28ஆம் வாரத்தில் மறுபடி சோதிக்கப்படுகிறது.

உணவு

எடுத்துக்காட்டாக, திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் பனியன் நிறுவனத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணுக்கு 26ஆம் வாரத்தில் 156 எனக் காட்டுவதாகக் கொள்வோம். காலையில் சட்னியுடன் 5 இட்லி, 11 மணிக்குச் சர்க்கரையிட்ட தேநீரும் பன்னும், பிற்பகலில் தட்டு நிறையச் சோறு என்பது அவரது வழக்கம். அவர் பட்டினி கிடக்கத் தேவையில்லை, கிடக்கவும் கூடாது. இட்லியை மூன்றாகக் குறைத்துப் பருப்பு மிகுந்த சாம்பாரைக் கூட்டலாம். பன்னுக்குப் பதிலாகச் சுண்டல், தேநீர் சர்க்கரையின்றி. சோற்றைக் குறைத்துக் கீரை, காய், முட்டை அல்லது மீனைச் சேர்க்கலாம். இவ்வாறு மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டிகளும் அமையும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவை தீங்கற்றவை என்னும் எண்ணம் தவறானது, அவையும் சர்க்கரையே. கேழ்வரகுக் கூழும் நீர்த்த நிலையில் விரைந்து செரித்துச் சர்க்கரையை ஏற்றக்கூடும்.

சர்க்கரை அளவிடல்

இரண்டு வாரம் கழித்து, உணவு உண்ணத் தொடங்கிய நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ணி அளக்க வேண்டும். 120க்குக் கீழ் இருந்தால் உணவுமுறை மட்டுமே தொடரும். மேலே கூறிய பெண்ணுக்கு 132 எனக் காட்டினால், மருத்துவர் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார். அளக்கும் நாளில் மட்டும் குறைத்து உண்பவருக்கு எண் நன்றாகவே வரும். மற்ற நாள்களின் மிகை அதில் தெரியாது. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக உயரும். ஆகவே சோப்பால் கழுவி, நன்கு உலர்த்திய பின், விரல்நுனியின் ஓரத்தில் குத்துதல் முறையாகும்.

மகப்பேற்றுக்குப் பின் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும். ஆயினும் 6 வாரத்தில் மீண்டும் 75 கிராம் பரிசோதனை செய்யப்படுகிறது. 2 மணி நேர அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவு நோயே.