ரேஷன் கடைக்காரருக்கு ஓய்வூதியம் யார் தருவது?

ரேஷன் கடையில் எடை போடுபவரை நாம் அரசு ஊழியர் என்றே நினைத்துக்கொள்கிறோம். அட்டை அரசுடையது, அரிசி அரசுடையது, கடை எப்போது திறக்க வேண்டும் என்பதையும் அரசுதான் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்கள். அங்கே நிற்கும் விற்பனையாளரும் கட்டுநரும் அந்தச் சங்கத்தின் பணியாளர்கள். கடையை ஆய்வு செய்ய வரும் கூட்டுறவு சார்பதிவாளர் மட்டுமே அரசு ஊழியர். சார்பதிவாளர் ஓய்வுபெற்றால் அரசின் ஓய்வூதிய விதிகள் அவரைப் பார்த்துக்கொள்ளும். விற்பனையாளர் ஓய்வுபெற்றால் அவருடைய காகிதங்கள் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போகும். இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் ரூபாய் இடைவெளி இருக்கிறது.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். சம்பளம் யார் பணத்திலிருந்து வந்தது? செய்த வேலை என்ன, யார் மேற்பார்வை செய்தார்கள் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவரை நியமிப்பது பள்ளி நிர்வாகம், ஆனால் சம்பளம் அரசின் மானியத்திலிருந்து வருகிறது. அதனால் ஓய்வூதியமும் அரசிடமிருந்தே வருகிறது. 1955-இல் அன்றைய சென்னை மாநிலம் இந்த ஆசிரியர்களுக்காக வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்து ஒரு முப்பயன் திட்டம் கொண்டுவந்தது. பின்னாளில் அரசு ஊழியர்களுக்கான ஓய்வூதிய விதிகளே இவர்களுக்கும் வந்தன. ஆகவே ஓய்வுபெறும்போது உதவிபெறும் பள்ளி ஆசிரியரும் அரசுப் பள்ளி ஆசிரியரும் ஏறத்தாழ ஒரே கணக்கில் வருகிறார்கள்.

வித்தியாசம் எந்த ஆண்டுகள் கணக்கில் சேரும் என்பதில்தான் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், கல்வித்துறையின் நியமன ஒப்புதலோடு வேலை பார்த்த காலம் மட்டுமே சேரும். பணியிடம் கிடைக்கும்வரை நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட காலம் சேராது. பல ஆசிரியர்களுக்கு இது ஓய்வுபெறும் ஆண்டில்தான் உறைக்கிறது.

ஒருவர் 1995-இல் நிர்வாகச் சம்பளத்தில் சேர்ந்தார், 2001-இல் அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வந்தார், 2025-இல் ஓய்வுபெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனக்கணக்கில் 30 ஆண்டுகள், பணிப்பதிவேட்டில் 24. தமிழ்நாட்டில் முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டுத் தகுதிப் பணி வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்றால் முழு ஓய்வூதியம் அதில் பாதி, 40,000. இவருக்கு அதில் முப்பதுக்கு இருபத்துநான்கு பங்கு, அதாவது 32,000. அகவிலைப்படியும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். நிர்வாகச் சம்பளத்தில் கழிந்த 6 ஆண்டுகளுக்கு ஏதாவது கிடைக்குமா என்பது நிர்வாகம் அப்போது வைப்பு நிதி கட்டியதா என்பதைப் பொறுத்தது.

இன்னொரு தேதி 2003 ஏப்ரல் 1. அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, சம்பளத்தில் 10 விழுக்காடு பிடிக்கும் பங்களிப்புத் திட்டம்தான் என்று தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. அரசாணை வந்ததோ அந்த ஆண்டு ஆகஸ்டில். உதவிபெறும் பள்ளிகளில் நியமனத்துக்கும் ஒப்புதலுக்கும் நடுவே சில ஆண்டுகள் ஓடிவிடுவது வழக்கம் என்பதால் இந்தத் தேதியின் இரு பக்கமும் தகராறுகள் முளைத்தன. 2003 ஜனவரியில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நியமனம், 2005-இல் ஒப்புதல் ஆணை என்றால், ஆணை கையெழுத்தான நாளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒப்புதல் எந்த நாளிலிருந்து அளிக்கப்பட்டிருக்கிறது என்ற வரியைத்தான் தேடிப் படிக்க வேண்டும். அந்த வரியும் பணிப்பதிவேட்டில் உள்ள பதிவும் ஒத்துப்போகாவிட்டால், தாளாளர் வழியாக அதைச் சரிசெய்யும் வேலையை ஓய்வுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

ஆசிரியர் கதை இவ்வளவுதான். கூட்டுறவுப் பணியாளர் கதை அடிப்படையிலேயே வேறு.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளரின் சம்பளம் சங்கத்தின் வருமானத்திலிருந்து வருகிறது. அவருடைய பணி நிபந்தனைகளில் பதிவாளர் தலையிடலாம், சங்கத்தின் நிர்வாகத்தையே அரசு தன் அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். அப்படியிருந்தும் சம்பளம் கருவூலத்திலிருந்து போகாததால் அரசின் ஓய்வூதிய விதி அவரை எட்டுவதில்லை. மத்தியக் கூட்டுறவு வங்கி எழுத்தருக்கும் இதே நிலைதான். எதிர் வரிசையில் இருக்கும் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் 1995-இல் வந்த வங்கி ஓய்வூதிய விதிமுறைகள் அவருக்காக எழுதப்பட்டவை அல்ல.

இவர்களில் வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வருபவர்களுக்குக் கிடைப்பது 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டம். எல்லாச் சங்கங்களும் உள்ளே வந்ததில்லை. 50 பேருக்குக் குறைவாக, மின்விசை உதவியின்றி இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களை 1952-ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு வெளியே விட்டிருந்தது. கிராமத்துப் பால் சங்கத்தில் நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள் என்றால், அவர்களுக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை.

உள்ளே இருப்பவர்களுக்குக் கணக்கு இப்படி ஓடுகிறது. சம்பளத்தில் 12 விழுக்காடு பணியாளரிடம் பிடிக்கப்படும். அது முழுவதும் அவருடைய வைப்பு நிதிக்குப் போகும். சங்கமும் தன் பங்காக 12 விழுக்காடு கட்ட வேண்டும். அதில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குத் திருப்பப்படும். ஆனால் இதற்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2001 முதல் 6,500 ரூபாயாக இருந்த வரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ஆனது. ஒருவர் 40,000 வாங்கினாலும் ஓய்வூதிய நிதிக்குப் போவது 15,000-க்கான 1,250 ரூபாய்தான். அரசு ஊழியரின் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தைப் பார்க்கிறது. இவருடையது வரம்பைப் பார்க்கிறது.

ஓய்வூதியச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இதுதான் சூத்திரம். கடைசி 60 மாதச் சராசரியே ஓய்வூதியச் சம்பளம், அதுவும் வரம்புக்கு உட்பட்டு. 2014 ஆகஸ்ட் வரையான பணிக்கு 6,500, அதன் பிறகான பணிக்கு 15,000 என்று இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள்.

ஒரு விற்பனையாளர் 1998 டிசம்பரில் சேர்ந்து, 2025 நவம்பரில் 58 வயதைத் தொட்டார் என்று கொள்வோம். அவருடைய சம்பளம் கடைசி 5 ஆண்டுகளும் 15,000-ஐத் தாண்டியே இருந்தது. முதல் பகுதி 15 ஆண்டு 9 மாதம். அதற்கு வருவது ஏறத்தாழ 1,462 ரூபாய். இரண்டாம் பகுதி 11 ஆண்டு 3 மாதம். அதற்கு ஏறத்தாழ 2,411. சேர்த்தால் 3,873. 20 ஆண்டு முடித்தவர்களுக்கு 2 ஆண்டுச் சலுகைப் பணி உண்டு. அதைச் சேர்த்தாலும் 4,000-ஐச் சற்றே தாண்டும். இதன் மேல் அகவிலைப்படி கிடையாது. இன்று வாங்கும் தொகைதான் 70 வயதிலும். குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயும் 2014 முதல் அப்படியே நிற்கிறது. 27 ஆண்டு உழைப்புக்கு இதை ஓய்வூதியம் என்று அழைக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வரம்பை மீறி முழுச் சம்பளத்துக்கும் ஓய்வூதியம் பெற வழியே இல்லையா? இருந்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4 அன்று அளித்த தீர்ப்பு, 2014 திருத்தத்தைப் பெருமளவு ஏற்றுக்கொண்டாலும், முன்பு விருப்பம் தெரிவிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு வாய்ப்பைத் திறந்தது. பணியாளரும் நிறுவனமும் சேர்ந்து விருப்பம் தர வேண்டும். கெடு பலமுறை நீண்டு 2023 ஜூலை 11-இல் முடிந்தது. கூட்டுறவுப் பணியாளர்கள் பலருக்கு இதில் ஒரு முட்டுக்கட்டை. சங்கம் அதுவரை முழுச் சம்பளத்துக்கும் வைப்பு நிதி கட்டியிருந்தால்தான் விருப்பம் தர முடியும். வரம்புச் சம்பளத்துக்கு மட்டும் கட்டிவந்த சங்கத்தின் பணியாளருக்கு அந்த வாசல் திறக்கவேயில்லை. தகுதி பெற்றவர்களும் இலவசமாகப் பெறவில்லை. இத்தனை ஆண்டுகளின் வித்தியாசத் தொகையை வட்டியோடு தங்கள் வைப்பு நிதியிலிருந்து ஓய்வூதிய நிதிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

இந்தச் சிறிய தொகையும் கைக்கு வராமல் போவதற்குச் சில வழிகள் உண்டு. மிகச் சாதாரணமானது, சங்கம் மாறும்போது பணத்தை எடுத்துவிடுவது. 8 ஆண்டு ஒரு சங்கத்தில் இருந்தவர் வேறு சங்கத்துக்குப் போகும்போது, ஓய்வூதியப் பங்கையும் 10சி படிவம் போட்டு எடுத்துவிட்டால் அந்த 8 ஆண்டுகளும் போச்சு. அடுத்த இடத்தில் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி தேவை என்பதால் இரண்டாம் இடத்தில் 9 ஆண்டுகளே கிடைத்தால் அதுவும் வீண். எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் 17 ஆண்டு.

அடுத்தது நட்டத்தில் ஓடும் சங்கங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரியும், வைப்பு நிதி அலுவலகத்துக்குப் பணம் போயிருக்காது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. வைப்பு நிதி இணையதளத்தில் உறுப்பினர் பாஸ்புக்கைத் திறந்தால், மாதந்தோறும் ஓய்வூதியப் பங்கு தனி நிரலில் இருக்கும். முழுச் சம்பளம் வாங்கிய மாதத்தில் 2014-க்குப் பிறகு அங்கே 1,250 இருக்க வேண்டும். வெறுமையாக இருந்தால் அந்த மாதத்துக்குச் சங்கம் பதில் சொல்ல வேண்டும். தலைவரும் செயலாளரும் மாறிப்போன பிறகு 2009-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டியலைத் தேடி எடுப்பது யாருக்கும் முடிகிற காரியமில்லை.

பெயர் இன்னொரு தலைவலி. சங்கப் பதிவில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதிய பெயர். பிறந்த தேதியும் சில இடங்களில் ஒத்துப்போகாது. இவை 10டி படிவம் போடும் நாளில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்.

58 என்ற வயதிலும் கவனம் வேண்டும். சங்கத்தில் 60 வரை வேலை இருந்தாலும் இந்தத் திட்டத்தில் ஓய்வூதிய வயது 58தான். அன்றிலிருந்து ஓய்வூதியம் வாங்கத் தொடங்கலாம். அதன் பிறகு சங்கத்தின் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். அவசரமில்லாதவர் 60 வரை தள்ளிவைத்தால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும். 50-லிருந்தே முன்கூட்டி வாங்கினால் ஆண்டுக்கு 4 விழுக்காடு குறையும், அந்தக் குறைவு ஆயுள் முழுக்க நீடிக்கும்.

ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்கு அதில் பாதி. நம் விற்பனையாளரின் மனைவிக்கு அது மாதம் 2,000-ஐ ஒட்டி வரும். அதைப் பெற, வைப்பு நிதிப் பதிவில் குடும்ப விவரம் நிரப்பப்பட்டிருப்பது பெரிய உதவி. திருமணத்துக்கு முன் அம்மாவின் பெயரை வாரிசாகக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். இணையத்தில் மின்னணு நியமனம் வழியாக மனைவி, பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்க சங்க அலுவலகத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. கையில் ஆதாரும் அதோடு இணைந்த கைப்பேசி எண்ணும் இருந்தால் போதும்.