ஸ்வெட்டரில் தேநீர்க் கறை

ஊட்டிக் குளிரில் கம்பளி ஸ்வெட்டரில் பால் தேநீர் கொட்டிவிட்டால், முதலில் கை போவது வெந்நீருக்கும் சோப்புக்கும்தான். இரண்டுமே வேண்டாம். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டில் அவை விரியும். தேய்க்கத் தேய்க்க ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். ஒருமுறை அப்படி இறுகி, துணி தடித்துச் சுருங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. துணி சோப்பின் காரம் இதை விரைவுபடுத்தும். வெந்நீர் பாலின் புரதத்தையும் இழையிலேயே உறைய வைத்துவிடும்.

ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு கப் குளிர்ந்த நீரில் ஒரு டீஸ்பூன் வெள்ளை வினிகரும் சில சொட்டு பேபி ஷாம்பூவும் கலந்து, கறையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள். துணியில் பழுப்பு நிறம் ஏறுவது நின்றதும் அதே குளிர்ச்சியுள்ள நீரில் அமிழ்த்தி அலசுங்கள். சாயம் கசிகிறதா என்று உள்மடிப்பில் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பிழியக் கூடாது. டவலில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் நீண்டுவிடும். நிழலில் படுக்கையாகப் பரப்பி உலர்த்துங்கள்.