அண்ணா யுனிவர்சிட்டின்னா டொரன்டோல யாருக்குத் தெரியும்? ரெஸ்யூமேவோட முதல் நாலு வரி

ரெஸ்யூமேவோட தலையில, பேருக்குக் கீழே, நாலு வரி எழுதுவோம் இல்லையா? புரொஃபஷனல் சம்மரி. இன்னைக்கு அதைப் பத்தி மட்டும்தான் பேசப்போறோம். அதுலயும் குறிப்பா, ஊர்ல வாங்கின டிகிரியையும் வேற நாட்டுல பார்த்த வேலையையும் கனடாக்காரங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு.

ஏன் கனடான்னா, நம்ம கேட்கிறவங்கள்ல ஒருத்தர் அங்கிருந்து அவங்க ரெஸ்யூமேவை அனுப்பியிருந்தாங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. 2018-ல அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச ஒரு கல்லூரியில பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் சென்னையில ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில நாலு வருஷம், துபாய்ல ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில ரெண்டு வருஷம். இப்போ பி.ஆர். வாங்கி டொரன்டோ போயாச்சு. மூணு மாசமா அப்ளை பண்றாங்க, ஒரு இன்டர்வியூ கால்கூட வரல.

அவங்க சம்மரி இப்படித்தான் இருந்தது: "பிரபல பன்னாட்டு நிறுவனங்களில் ஆறு வருடங்களுக்கு மேல் அனுபவம் உள்ள, கடினமாக உழைக்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். ஆன்சைட், ஆஃப்ஷோர் இரண்டிலும் பணியாற்றியவர். 2018-இல் பாஸ்டு அவுட், முதல் வகுப்பு, சிஜிபிஏ 7.8. சவாலான பணியைத் தேடுகிறார்."

இதுல பொய்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா இதைப் படிக்கிறவர் டொரன்டோவுல பிறந்து வளர்ந்த ஒரு ரெக்ரூட்டர்னு வெச்சுக்கோங்க. "பிரபல நிறுவனம்" – யாருக்குப் பிரபலம்? "ஆன்சைட்" – எந்த சைட்? நம்ம சர்வீஸ் கம்பெனி உலகத்துக்கு வெளியே அந்த வார்த்தைக்கு 'ஆபீசுக்கு வந்து வேலை பார்க்கிறது'ன்னுதான் அர்த்தம். "7.8" – அங்கே பல கல்லூரிகள்ல ஜிபிஏ நாலுக்குத்தான், அப்போ நாலுக்கு ஏழு புள்ளி எட்டா? "பாஸ்டு அவுட்" இருக்கே, அதுதான் உச்சம். வட அமெரிக்காவுல அதுக்கு மயங்கி விழுந்தேன்னு அர்த்தம். 2018-ல மயங்கி விழுந்தேன், முதல் வகுப்பு!

நம்ம ஊர்ல இதே நாலு வரியைப் படிக்கிற எச்ஆர் எதையும் கேட்கத் தேவையில்லை. கல்லூரி பேரைப் பார்த்ததும் அவர் மண்டையில ஒரு கணக்கு ஓடிடும், கம்பெனி பேரைப் பார்த்ததும் இன்னொரு கணக்கு. பாதி விஷயத்தைப் பேர்களே சொல்லிடுது. வெளிநாட்டுல அந்தப் பேர்கள் எதுவும் பேசாது. அதனால பேர் செஞ்ச வேலையை இப்போ நீங்க எழுதிச் செய்யணும்.

அனுபவத்துல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அதுலதான் நிறைய சரக்கு இருக்கு. நான் அவங்களைக் கூப்பிட்டு, "துபாய்ல உண்மையிலேயே என்னதான் பண்ணீங்க?"ன்னு கேட்டேன். "இன்வாய்ஸ் மாட்யூல்ல வேலை பார்த்தேன், வாட் வரிக் கணக்கு போடுற பகுதி"ன்னாங்க. எந்தெந்த நாட்டுக்கு? அமீரகத்துக்கும் சவுதிக்கும். அமீரகத்துல வாட் 5 சதவீதம், சவுதியில 15. ஒரே சரக்கு, ரெண்டு நாடு, ரெண்டு வரி, எதுக்கு எது பொருந்தும்னு முடிவு பண்ற லாஜிக்கை எழுதினது இவங்க.

இப்போ கனடாவைப் பாருங்க. ஆல்பர்ட்டாவுல ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டும். ஒன்டாரியோவுல எச்எஸ்டி 13. மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அதாவது, கனடாவுல பில்லிங் சாஃப்ட்வேர் வெச்சிருக்கிற ஒவ்வொரு கம்பெனியும் தினம் பார்க்கிற தலைவலியைத்தான் இவங்க துபாய்ல ரெண்டு வருஷம் பார்த்திருக்காங்க! சம்மரியில அது எங்கேயும் இல்லை. "ஆன்சைட்"ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள புதைஞ்சு கிடந்தது.

நீங்க தேட வேண்டியதும் இதுதான். உங்க வேலையில எந்தப் பகுதி அங்கேயும் அப்படியே இருக்கு? வரி மாதிரி ஒரு பிரச்சினையா இருக்கலாம். கார்டு பேமென்ட்ல வேலை பார்த்திருந்தா பிசிஐ டிஎஸ்எஸ்ங்கிற பாதுகாப்பு விதி சென்னையிலயும் டொரன்டோலயும் ஒண்ணுதான். அந்த மாதிரி ஒரே ஒரு கொக்கி கிடைச்சாப் போதும், படிக்கிறவர் அதைப் பிடிச்சுக்கிட்டு மீதிக்கு வந்துடுவார். ஆனா கொக்கியைத் தாண்டிப் போயிடாதீங்க. சவுதி வாட் தெரியும்ங்கிறதுக்காக "எச்எஸ்டி அனுபவம் உண்டு"ன்னு எழுதக் கூடாது. "பல நாட்டு வரி விகிதங்களுக்கான லாஜிக்"னு நிறுத்திக்கோங்க.

சென்னை நாலு வருஷத்துக்கு வேற மாதிரி சிக்கல். சர்வீஸ் கம்பெனியில சம்பளம் தர்றது ஒருத்தர், சிஸ்டம் இன்னொருத்தரோடது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த ரெண்டடுக்கு புரியாது. அதனால யாரோட சிஸ்டம், யார்கூடப் பேசினீங்கன்னு சொல்லணும். இவங்க விஷயத்துல அது பிரிட்டன்ல இருக்கிற ஒரு சில்லறைக் கடைச் சங்கிலியோட பில்லிங் சிஸ்டம். ஒப்பந்தப்படி பேர் சொல்லக் கூடாது, சரி. "பிரிட்டிஷ் ரீடெயில் நிறுவனம்"னு சொல்லலாமே. தினமும் லண்டன் டீமோட ரெண்டு மணி நேரம் கால்ல இருந்திருக்காங்க. "நல்ல கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்"னு எழுதுறதை விட இது நூறு மடங்கு பேசும்.

அடுத்து டிகிரி. இங்கே ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா, பி.ஆர்.க்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரில வெளிநாட்டு டிகிரியைக் காட்டினவங்க பெரும்பாலும் ஏற்கெனவே வெஸ் மாதிரி ஒரு அமைப்புகிட்ட இசிஏ ரிப்போர்ட் வாங்கியிருப்பாங்க. நம்ம டிகிரி கனடாவுல எதுக்குச் சமம்னு சொல்ற ரிப்போர்ட். இமிக்ரேஷனுக்கு அது அஞ்சு வருஷம் செல்லும். ஆனா பி.ஆர். வந்ததும் அதை ஃபைல்ல போட்டு மூடிடுறாங்க. அதை வெளியே எடுங்க. "கனடாவின் இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என வெஸ் மதிப்பிட்டது" – இந்த ஒரு வாக்கியம் "முதல் வகுப்பு, 7.8" ரெண்டையும் ஓரங்கட்டிடும். ஆறு வருஷ அனுபவத்துக்கு அப்புறம் மார்க்கை யாரும் கேட்கப்போறதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ரிப்போர்ட்ல என்ன வார்த்தை இருக்கோ அதை மட்டும் எழுதுங்க. நாலு வருஷ பி.இ.க்கு ஒரு மாதிரி வரும், மூணு வருஷ பி.எஸ்சி., பி.காம்.க்கு "மூணு வருஷ இளநிலைப் பட்டம்"னு வரலாம். அதை நாலாக்கக் கூடாது. ரிப்போர்ட்டே வாங்கலைன்னா "சமம்"ங்கிற வார்த்தையைத் தொடாதீங்க. "நாலு வருஷப் பொறியியல் பட்டம், ஆங்கில வழி, இந்தியா"ன்னு உள்ளதைச் சொன்னாலே நிறையப் புரியும்.

இப்போ எல்லாத்தையும் சேர்ப்போம். ஆங்கிலத்துல எழுதினதோட சாரம் இது:

"பேக்எண்ட் டெவலப்பர், பில்லிங், வரிக் கணக்கு சிஸ்டங்களில் ஆறு வருட அனுபவம் (ஜாவா, ஸ்பிரிங் பூட்). துபாயில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கு, இரு நாடுகளின் வெவ்வேறு வரி விகிதங்களைக் கையாளும் இன்வாய்ஸ் மாட்யூலை எழுதியவர். அதற்கு முன் நான்கு வருடம் சென்னையிலிருந்து, ஒரு பிரிட்டிஷ் ரீடெயில் நிறுவனத்தின் பில்லிங் சிஸ்டத்தில், லண்டன் குழுவோடு தினசரி பணி. பொறியியல் இளநிலைப் பட்டம், கனடாவின் இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என வெஸ் மதிப்பீடு. டொரன்டோவில் வசிக்கிறார், கனடாவில் வேலை செய்ய முழு அனுமதி உண்டு."

கடைசி வரியைக் கவனிச்சீங்களா? முழுக்க வெளிநாட்டு அனுபவம் இருக்கிற ரெஸ்யூமேவைப் பார்த்ததும், "இவருக்கு நாம விசா ஸ்பான்சர் பண்ணணுமோ"ன்னு ஒரு சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா கேட்க மாட்டாங்க, அடுத்த ரெஸ்யூமேக்குப் போயிடுவாங்க. அனுமதி இருந்தா அதைச் சொல்லிடுங்க.

இன்னொண்ணு, "சிஸ்டம்ஸ் இன்ஜினியர்" போய் "டெவலப்பர்" வந்திருக்கு. நானும் கார்டுல சாஃப்ட்வேர் இன்ஜினியர்னு போட்டுக்கிற ஆள்தான், அதனால கொஞ்சம் வலியோட சொல்றேன்: கனடாவுல இன்ஜினியர்ங்கிறது லைசென்ஸோட வர்ற பட்டம். ஒன்டாரியோவுல லைசென்ஸ் இல்லாம, இருக்கிற மாதிரி தோணும்படி அதைப் பயன்படுத்துறது சட்டப்படி குற்றம். ஆல்பர்ட்டா 2023-ல சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு மட்டும் விலக்கு கொடுத்துச்சு. அதனால சம்மரியில செஞ்ச வேலையோட பேரைப் போடுங்க. கீழே அனுபவப் பகுதியில கம்பெனி கொடுத்த அதிகாரபூர்வ டைட்டில் அப்படியே இருக்கட்டும். பேக்கிரவுண்ட் செக்ல ரிலீவிங் லெட்டரோட ஒத்துப்போக வேண்டியது அதுதான்.

சிவில், மெக்கானிக்கல், நர்சிங் ஆளுங்களுக்கு இது இன்னும் கறாரா பொருந்தும். இசிஏ உங்க படிப்போட அளவைத்தான் சொல்லுது, தொழில் செய்ய உரிமை தரல. ஒன்டாரியோவோட இன்ஜினியர் அமைப்பான பிஇஓ 2023 மே மாசத்துல, கனடாவுல ஒரு வருஷமாவது வேலை பார்த்திருக்கணும்ங்கிற நிபந்தனையை எடுத்துட்டாங்க, அது நல்ல சேதி. ஆனா விண்ணப்பம், தேர்வு எல்லாம் இன்னும் இருக்கு. அதனால "பிஇஓ லைசென்ஸுக்கு விண்ணப்பித்துள்ளார்"னு எந்தப் படியில இருக்கீங்களோ அந்தப் படியை மட்டும் எழுதுங்க.

"கனடா அனுபவம் இல்லையே, இதெல்லாம் பண்ணி என்ன பிரயோஜனம்"னு கேட்பீங்க. 2026 ஜனவரி 1-லிருந்து ஒன்டாரியோவுல 25 பேரோ அதுக்கு மேலேயோ வேலை பார்க்கிற கம்பெனிகள் விளம்பரத்துல அதைத் தகுதியா கேட்கக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்கு. விளம்பரத்துல இருந்து போயிடும், படிக்கிறவர் மனசுல இருந்து உடனே போகாது. அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிறது, "இவர் பார்த்த வேலை நம்ம வேலை மாதிரியா, நம்ம ஆளுங்களோட பேசிப் பழகிடுவாரா?"தான். வரி லாஜிக்கும் லண்டன் டீமும் அதுக்குத்தான் பதில்.

சரியா எழுதியிருக்கீங்களான்னு தெரிஞ்சுக்க, இந்தியாவுல படிக்காத, வேலை பார்க்காத ஒருத்தர்கிட்ட பதினஞ்சு செகண்ட் காட்டிட்டு வாங்கிக்கோங்க. இவர் என்ன வேலை பார்ப்பார், யாருக்காகப் பார்த்தார், இப்போ எங்கே இருக்கார்னு கேளுங்க. எந்தக் கேள்விக்கு முழிக்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்க. அப்ளை பண்ண ஆரம்பிச்ச பிறகு வர்ற போன் கால்களும் ஒரு அளவுகோல்தான். கால் வந்து "விசா வேணுமா?"ன்னு கேட்டா கடைசி வரி தெளிவா இல்லை. "டிகிரி எதுக்குச் சமம்?"னா வெஸ் வரி கண்ணுல படல. இன்டர்வியூ வரை போய், "சரி, இதுல நீங்க தனியா என்ன பண்ணீங்க?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா, டீம் பண்ணதை எழுதியிருக்கீங்க, நீங்க பண்ணதை எழுதலைன்னு அர்த்தம்.